ஒரே வேலை, நூறு ரெஸ்யூமே: ஏஐ மாடல் ஒரே அளவுகோலில் மதிப்பெண் போட எப்படி எழுதிக் கொடுப்பது?

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் ஒருவர் தேவைப்பட்டார். ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. அறிவிப்பு வெளியான ஒரு வாரத்தில் நூற்றுப் பத்து ரெஸ்யூமே வந்து சேர்ந்தது. அறிவிப்பையும் ஒரு ரெஸ்யூமேயையும் மாடலிடம் ஒட்டி, "இந்த வேலைக்கு இவர் எவ்வளவு பொருத்தம்? நூற்றுக்கு மதிப்பெண் போடு" என்று கேட்டேன். 82 என்றது. மறுநாள் அதே ரெஸ்யூமேயைத் தவறுதலாக இன்னொரு முறை போட்டபோது 74 வந்தது. அதன் பிறகுதான் மொத்தப் பட்டியலையும் உற்றுப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் 70-க்கும் 85-க்கும் நடுவில் குவிந்து கிடந்தார்கள். யாரை முதலில் கூப்பிடுவது என்று அந்த எண்களை வைத்து முடிவு செய்ய வழியே இல்லை.

பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமை நினைத்துப் பாருங்கள். நூறு ஆசிரியர்களிடம் விடைக்குறிப்பு கொடுக்காமல், "நல்ல விடைக்கு நல்ல மதிப்பெண் போடுங்கள்" என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும்? ஒரே தாளுக்கு ஒருவர் 78 போடுவார், இன்னொருவர் 64 போடுவார். இரண்டு பேருமே மனசாட்சிப்படிதான் போட்டிருப்பார்கள். மாடலிடம் நான் கேட்டது அந்த மாதிரிக் கேள்வி. ஆக, கீழே உள்ளது முழுக்க ஒரு விடைக்குறிப்பு தயாரிக்கும் வேலை. அந்த பம்ப் கம்பெனி அறிவிப்பையே கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அறிவிப்பைக் கலைத்துப் போடுங்கள்

அறிவிப்பில் இருந்த வரிகள் இவை: பி.காம், குறைந்தது இரண்டு வருட அனுபவம், ஜிஎஸ்டியில் நல்ல அனுபவம், டேலி நன்கு தெரிந்திருக்க வேண்டும், டிடிஎஸ் அறிவு, உற்பத்தி நிறுவன அனுபவம் இருந்தால் நல்லது, சிறந்த தகவல்தொடர்புத் திறன், துடிப்பானவர்.

இதை மூன்று குவியலாகப் பிரியுங்கள். முதல் குவியல், ஆம் அல்லது இல்லை என்று பதில் வருபவை: பி.காம், இரண்டு வருடம். இவற்றுக்கு மதிப்பெண் தேவையில்லை. இவற்றையும் மொத்த மதிப்பெண்ணில் கலந்தால், பி.காம் படிக்காதவர் வேறு இடத்தில் மதிப்பெண் வாங்கி மேலே வந்துவிடுவார்.

இரண்டாவது குவியல், ரெஸ்யூமேயில் தெரியவே தெரியாதவை: தகவல்தொடர்பு, துடிப்பு. இவற்றை எடுத்துவிடுங்கள். ஒரு காகிதத்தை வைத்துத் தகவல்தொடர்பை அளக்கச் சொன்னால், மாடல் அதில் உள்ள ஆங்கிலத்தின் பளபளப்பைத்தான் அளக்கும். தமிழ்வழியில் படித்து, கணக்கில் கெட்டிக்காரராக இருப்பவர் அங்கேயே அடிபட்டுப் போவார். அந்தத் திறனை நேர்காணலில் பார்த்துக்கொள்ளலாம்.

மிஞ்சுவது மூன்றாவது குவியல். ஜிஎஸ்டி, டேலியில் செய்யும் மாதக் கணக்கு முடிப்பு, டிடிஎஸ், உற்பத்திக் கணக்கு என்று நான்கு அளவுகோல் வைத்தேன். எட்டு பத்து என்று வைக்க ஆசை வரும், ஆனால் வேண்டாம். அளவுகோல் கூடக் கூட ஒன்றோடொன்று மேலேறி, ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை மதிப்பெண் விழும்.

படி 2: "நல்ல அனுபவம்" என்றால் என்ன என்று கேளுங்கள்

இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவாகும். அந்த நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அறிவிப்பை எழுதிய அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு ஃபோன் போட்டேன்.

"சார், ஜிஎஸ்டியில நல்ல அனுபவம்னு போட்டிருக்கீங்க. ரெஸ்யூமேல எதைப் பார்த்தா உங்களுக்குத் திருப்தியாகும்?"

"ரிட்டர்ன் போடறத ஆடிட்டர் ஆபீஸ்லகூடப் பண்ணிக் குடுத்துருவாங்க மேடம். மாசாமாசம் டூ-பி எடுத்து நம்ம பர்ச்சேஸோட ஒத்துப் பாக்கணுங்க. சப்ளையர் பில் ஏத்தலைன்னா கூப்பிட்டுக் கேட்டு ஏத்த வைக்கற ஆளு வேணுங்க."

அறிவிப்பில் இல்லாத விஷயம் இது. ஜிஎஸ்டிஆர்-2பி என்பது மாதந்தோறும் 14-ஆம் தேதி வாக்கில் தளத்தில் தானாக உருவாகும் உள்ளீட்டு வரிப் பட்டியல். சப்ளையர் தன் பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டியிருந்தால்தான் அது இதில் வரும். வரவில்லை என்றால், வாங்கியவர் கட்டிய வரியை அந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது, பணம் முடங்கும். வார்ப்பு, காயில், பேரிங் என்று நூற்றுக்கணக்கான பில் வரும் ஒரு பம்ப் கம்பெனிக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆக, அவருக்கு "நல்ல அனுபவம்" என்றால் 2பி ஒப்பிடுதல். அதை அறிவிப்பிலிருந்து மாடல் தானாகக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்த்தது என் தவறு.

அந்தப் பேச்சிலிருந்து வந்த அளவுகோல் இது:

```text
அளவுகோல்: gst
0 = ரெஸ்யூமேயில் ஜிஎஸ்டி பற்றி எதுவும் இல்லை.
1 = திறன் பட்டியலிலோ, படிப்பு/பயிற்சியிலோ மட்டும் பெயர் உள்ளது;
    அல்லது வேலையில் "உதவினேன்" என்று மட்டும் உள்ளது.
2 = ஒரு வேலையின் கீழ், GSTR-1 அல்லது GSTR-3B-ஐத் தாமே
    தயாரித்ததாக அல்லது தாக்கல் செய்ததாக உள்ளது.
3 = ஒரு வேலையின் கீழ், GSTR-2B-யைக் கொள்முதல் பதிவோடு
    ஒப்பிட்டதாக உள்ளது. (ரிட்டர்ன் தாக்கல் கட்டாயமில்லை.)
```

இதில் "சிறந்த", "ஆழமான", "ஓரளவு" போன்ற சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நிலையும் ரெஸ்யூமேயில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒன்றைச் சொல்கிறது. நூற்றுக்கு மதிப்பெண் என்பதை விட்டு 0 முதல் 3 வரை வைத்ததும் இதனால்தான். 74-க்கும் 76-க்கும் என்ன வித்தியாசம் என்று என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை. நானே சொல்ல முடியாத வித்தியாசத்தை மாடல் கடைப்பிடிக்காது.

1-ஆம் நிலையில் உள்ள "உதவினேன்" வரி முதலில் அங்கே இல்லை. நானும் என் சக ஊழியர் ஒருவரும் தனித்தனியே கையால் திருத்திப் பார்த்தபோதுதான் அது முளைத்தது. ரிட்டர்ன் தயாரிப்பில் உதவியதாக எழுதியிருந்த ஒருவருக்கு நான் 2 போட்டேன், அவர் 1 போட்டார். மாடலும் அதே ரெஸ்யூமேயில்தான் ஒரு முறை 1, ஒரு முறை 2 என்று தடுமாறியது. இதைப் பல முறை பார்த்துவிட்டேன். விஷயம் தெரிந்த இரண்டு பேர் எங்கே முரண்படுகிறார்களோ, மாடலும் பெரும்பாலும் அங்கேதான் ஆடுகிறது. எது சரி என்று அவர்கள் உட்கார்ந்து பேசி, முடிவை ஒரு வரியாக எழுதிச் சேர்த்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது.

மற்ற மூன்றுக்கும் இதே போல் எழுதினேன். மாதக் கணக்கில், டேலி பெயரோ பதிவுகள் போட்டதோ மட்டும் இருந்தால் 1; வங்கிக் கணக்கு சரிபார்ப்பு 2; டிரயல் பேலன்ஸ் வரை முடித்து ஆடிட்டருக்குக் கொடுத்தது 3. டிடிஎஸ்ஸில், பெயர் மட்டும் 1. பிடித்தம் கணக்கிட்டுப் பணம் கட்டியது 2. காலாண்டு ரிட்டர்ன் 3. உற்பத்தியில், அப்படி ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தது மட்டும் 1; சரக்கிருப்பு அல்லது ஜாப் ஒர்க் கணக்கு 2; பொருளின் அடக்கவிலை கணக்கிட்டது 3.

முக்கியத்துவத்துக்கு ஏற்ப எடை கொடுத்தோம்: ஜிஎஸ்டி 4, மாதக் கணக்கு 3, டிடிஎஸ் 2, உற்பத்தி 1. எல்லாவற்றிலும் 3 வாங்கினால் மொத்தம் 30. இந்தப் பெருக்கலையும் கூட்டலையும் மாடலிடம் விடாதீர்கள், எக்செல்லோ நிரலோ செய்யட்டும். எடை எவ்வளவு என்பதையே மாடலுக்குச் சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது. மொத்தம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால், பிடித்துப்போன ரெஸ்யூமேக்கு அங்கங்கே ஒரு புள்ளி தூக்கிப் போடும் சாய்வு வரலாம்.

படி 3: ஆதாரம் முதலில், மதிப்பெண் பிறகு

மாடல் ஒவ்வொரு சொல்லாக முன்னோக்கி எழுதிக்கொண்டே போகிறது. முதலில் "2" என்று எழுதிவிட்டால், அடுத்து எழுதும் விளக்கம் அந்த 2-ஐ நியாயப்படுத்தும் விளக்கமாகவே இருக்கும். அதனால் பதிலின் வரிசையை நீங்கள் கட்டிப்போட வேண்டும். ரெஸ்யூமேயிலிருந்து எழுத்து மாறாமல் ஒரு வரி, அது எந்தப் பகுதியில் இருக்கிறது, அது ஏன் அந்த நிலைக்குப் பொருந்துகிறது, கடைசியாக எண்.

```json
{
  "gst": {
    "quote": "Purchase bills tally with 2B every month",
    "section": "experience",
    "reason": "வேலையின் கீழ் 2B ஒப்பீடு உள்ளது",
    "level": 3
  }
}
```

இந்த மேற்கோள் வரி இரண்டு வேலை செய்கிறது. மாடலை ரெஸ்யூமேயைத் திரும்பப் பார்க்க வைக்கிறது, அதோடு நீங்கள் சரிபார்க்கவும் வழி தருகிறது. மாடல்கள் சில நேரம் ரெஸ்யூமேயில் இல்லாத வரியை இருப்பதாக எழுதிவிடும். அந்த வரி உண்மையில் இருக்கிறதா என்று நிரலால் தேடிப் பாருங்கள்:

```python
import unicodedata

def clean(s):
    s = unicodedata.normalize("NFKC", s).lower()
    return " ".join(s.split())

found = bool(quote.strip()) and clean(quote) in clean(resume_text)
```

இரண்டு இடத்தில் நான் அடிபட்டேன். முதலாவது, பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும் எழுத்தில் `fi` என்ற இரண்டு எழுத்து சில சமயம் ஒட்டிப்போன ஒரே எழுத்தாக வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், தேடலில் சிக்காது. `filing` என்று தெளிவாக எழுதியிருந்தவர் பெயருக்கு நேராக "மேற்கோள் கிடைக்கவில்லை" என்று வந்தது. அந்த `NFKC` அதைப் பிரித்துவிடுகிறது. இரண்டாவது, மேற்கோள் காலியாக இருந்தால் சாதாரணத் தேடல் "கிடைத்தது" என்றே சொல்லும். அதற்குத்தான் `bool(quote.strip())`. 0 போட்ட இடத்தில் மட்டும் மேற்கோள் காலியாக இருக்கலாம். மற்ற இடத்தில் மேற்கோள் பொய்த்தால் தானாக 0 ஆக்கிவிடாதீர்கள், அந்த ரெஸ்யூமேயை ஒரு மனிதர் திறந்து பார்க்கட்டும்.

இன்னொரு வரி கட்டாயம் எழுத வேண்டும்: "எழுதப்படாததை ஊகிக்காதே. கம்பெனி பெரியது, பதவி உயர்ந்தது என்பதால் இந்த வேலையும் செய்திருப்பார் என்று கொள்ளாதே." இது இல்லாவிட்டால், சீனியர் அக்கவுண்டன்ட் என்ற பதவிப் பெயரைப் பார்த்தே மாடல் டிடிஎஸ்ஸுக்கு 2 கொடுத்துவிடும். அதே மூச்சில், 0 என்பதற்கு "தெரியாது" என்று பொருள் இல்லை, "எழுதவில்லை" என்றுதான் பொருள் என்று நீங்களும் நினைவில் வையுங்கள். பிற்பாடு ஆட்களைக் கூப்பிடும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

வருடக் கணக்கையும் மாடலிடம் விடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த மாதம், விட்ட மாதம் இரண்டை மட்டும் எடுத்துத் தரச் சொல்லி, கழித்தலை நிரலில் வையுங்கள். "இன்றுவரை" என்று எழுதியிருந்தால் இன்றைய தேதி என்ன என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாடலுக்குத் தானாகத் தெரியாது. 04/06/2021 என்பது நம் ஊரில் ஜூன் 4, அதை ஏப்ரல் 6 என்று படிக்கக்கூடும் என்பதால் நாள், மாதம், வருடம் என்ற வரிசையையும் எழுதிவிடுங்கள்.

படி 4: பெயரை மறையுங்கள்

விடைத்தாளில் மாணவர் பெயர் தெரியாமல் டம்மி எண் போடுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். நம் ஊர் ரெஸ்யூமேயில் பெயர் மட்டுமா இருக்கிறது? தந்தை பெயர், பிறந்த தேதி, திருமணம் ஆனவரா, மதம், வகுப்பு, சொந்த ஊர், புகைப்படம் என்று கடைசிப் பத்தியில் வரிசையாக இருக்கும். கணக்கு எழுதும் வேலைக்கு இதில் ஒன்றுகூடத் தேவை இல்லை.

சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்கள் இருந்தவற்றுக்கு அழைப்பு குறைவாக வந்தது. அது மனிதர்கள் செய்தது. 2024-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மொழி மாடல்களை வைத்து ரெஸ்யூமேக்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பெரும்பாலான ஒப்பீடுகளில் வெள்ளையர் பெயர்களே மேலே வந்தன. மாடல் மனிதர்கள் எழுதியதிலிருந்து கற்றது. இதில் மட்டும் விலகி நிற்கும் என்று நம்பக் காரணம் இல்லை.

"பெயரைப் பொருட்படுத்தாதே" என்று எழுதிவைத்தால் போதாது. மாடலுக்கு அனுப்பும் முன்பே நீக்கிவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். ஃபோன், முகவரி, மின்னஞ்சலையும் சேர்த்து எடுத்துவிடலாம். அடுத்தவர் விவரத்தை வெளிச் சேவை ஒன்றுக்கு அனுப்புகிறோம் என்பது மறக்கக் கூடாத விஷயம். அப்படியும் சில தடயம் மிஞ்சும். அமேசான் நிறுவனம் பரிசோதித்துக் கைவிட்ட ஒரு தேர்வுக் கருவி பற்றி 2018-இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. அந்தக் கருவி இரண்டு பெண்கள் கல்லூரிகளில் படித்தவர்களைக் கீழே தள்ளியிருந்தது. நம் அளவுகோலில் கல்லூரிக்கு மதிப்பெண் கிடையாது என்பதால், கல்லூரிப் பெயரையும் நீக்கிவிட்டு "பி.காம், 2019" என்று மட்டும் விட்டேன். வேலையில் விழுந்த இடைவெளியைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தேன். பிரசவத்துக்காக இரண்டு வருடம் வீட்டில் இருந்தவருக்கு 2பி மறந்துபோயிருக்கும் என்று யார் சொன்னது?

படி 5: ஒரு நேரத்தில் ஒருவர்

பத்து ரெஸ்யூமேயை ஒன்றாக ஒட்டி மதிப்பெண் கேட்காதீர்கள். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வரிசையே மதிப்பெண்ணை மாற்றும். நடுவில் உள்ளவர்களின் வரிகள் அடுத்தவருக்குப் போய்விடுவதும் நடக்கும். ஒரே உரையாடலில் அடுத்தடுத்து அனுப்பினாலும் இதே சிக்கல்தான், ஏனென்றால் முந்தையவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு ரெஸ்யூமேக்கும் புதிய உரையாடல் தொடங்குங்கள், அதே அறிவுறுத்தலைக் கொடுங்கள்.

`temperature` என்ற அமைப்பு உங்கள் மாடலில் இருந்தால் 0 வையுங்கள். ஆட்டம் குறையும், ஆனால் அடியோடு நிற்காது. சேவையகத்தில் பல பேரின் கோரிக்கைகள் ஒன்றாகக் கணக்கிடப்படும்போது தசமக் கூட்டலின் வரிசை மாறுகிறது, அதிலிருந்து விடையும் சில நேரம் மாறிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு ரெஸ்யூமேயையும் மூன்று முறை ஓட்டி, ஒவ்வொரு அளவுகோலிலும் நடு மதிப்பை எடுக்கிறேன். மூன்றும் ஒன்றாக இருந்தால் சரி. ஒரே ஒருவருக்கு மட்டும் 0-வும் 2-வும் வந்தால் அந்த ரெஸ்யூமேயில் ஏதோ குழப்பம், திறந்து படிக்க வேண்டும். பலருக்கும் ஒரே அளவுகோலில் 1, 2 என்று ஆடினால் குழப்பம் என் அளவுகோல் வரியில் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு ரெஸ்யூமே, இரண்டு முறை

இப்போது உண்மையில் என்ன மாறியது என்று பார்க்கலாம். அடையாளம் தெரியாதபடி சற்று மாற்றித்தான் சொல்கிறேன். எண் 17, இரண்டு பக்கம், அழகான வடிவமைப்பு. எண் 63, ஒரே பக்கம், ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது. முக்கிய வரிகள் இவை:

```text
[17] Skills: GST, TDS, Tally Prime, SAP, Advanced Excel
[17] Responsible for end-to-end finance operations and
     statutory compliance in a fast-paced environment

[63] Purchase bills tally with 2B every month, call supplier
     for missing bills
[63] TDS calculate and payment before 7th. Bank reco 3 banks
[63] Job work DC entry, stock statement to bank monthly
```

"நூற்றுக்கு மதிப்பெண் போடு" என்று கேட்டபோது 17-க்கு 86, 63-க்கு 71. புது அளவுகோலில் 17-க்கு ஜிஎஸ்டி 1, மாதக் கணக்கு 1, டிடிஎஸ் 1, உற்பத்தி 0. எடை போட்டால் 4 + 3 + 2 + 0, ஆக 9. சட்டப்பூர்வக் கடமைகள் எல்லாம் பார்த்ததாக அவர் எழுதிய வரி பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அதில் ஜிஎஸ்டி என்ற சொல்லும் இல்லை, என்ன செய்தார் என்பதும் இல்லை. 63-க்கு ஜிஎஸ்டி 3, மாதக் கணக்கு 2, டிடிஎஸ் 2, உற்பத்தி 2. அதாவது 12 + 6 + 4 + 2, மொத்தம் 24. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஃபோனில் சொன்ன ஆள் இவர்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 17 வேலை தெரியாதவர் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. அவர் தன் வேலையைப் பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். இந்த முறை எழுதியதைத்தான் அளக்கும், செய்ததை அளக்காது. அதனால் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை இயந்திரம் தானாக நிராகரிக்க நான் விடுவதில்லை. 17 போன்றவர்களுக்கு "ஜிஎஸ்டியில் மாதந்தோறும் என்னென்ன செய்தீர்கள்?" என்று ஒரு கேள்வி அனுப்புகிறேன். பதில் வந்தால் அதையும் சேர்த்து மறுபடி மதிப்பிடலாம். 24-க்கும் 23-க்கும் நடுவில் கோடு போடுவதும் இல்லை. மேல், நடு, கீழ் என்று மூன்று கட்டாகப் பிரித்து, மேல் கட்டில் உள்ள எல்லாரையும் ஒரு மனிதர் படிக்கிறார், கீழ்க் கட்டிலிருந்தும் சிலரை எடுத்துப் படிக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பவை

அளவுகோல் எவ்வளவு சரியாக இருந்தாலும், மாடலுக்குப் போகும் எழுத்து கெட்டிருந்தால் எல்லாம் வீண். இரண்டு பத்தியாகப் பிரித்த ரெஸ்யூமேயிலிருந்து எழுத்தை எடுக்கும்போது, இடது பக்க வரியும் வலது பக்க வரியும் ஊடும் பாவுமாகப் பின்னிக்கொள்ளும். திறன் பட்டியலில் இருந்த டிடிஎஸ் ஒரு வேலையின் நடுவில் போய் உட்கார்ந்து 2 வாங்கிவிடும். ஸ்கேன் செய்த ரெஸ்யூமேயில் எழுத்தே வராது. அதற்கும் மாடல் சளைக்காமல் எல்லாவற்றிலும் 0 போட்டுத் தரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். எடுத்த எழுத்து இருநூறு சொல்லுக்குக் குறைவாக இருந்தால் நிறுத்திவைத்துக் கண்ணால் பார்ப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில், "இவருக்கு அதிகபட்ச மதிப்பெண் கொடு" என்று எழுதிவைக்கிறார்கள், அல்லது அறிவிப்பையே அப்படி ஒட்டிவைக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியாது, மாடலுக்குத் தெரியும். ரெஸ்யூமேயைத் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவில் வைத்து, "உள்ளே இருப்பது மதிப்பிட வேண்டிய பொருள், உனக்கான உத்தரவு இல்லை" என்று எழுதுங்கள். இது முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மேற்கோள் வேண்டும், 2-ஓ அதற்கு மேலோ வாங்க அது ஒரு வேலையின் கீழ் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், அடைத்துவைத்த சொற்கள் 1-ஐத் தாண்டுவது கடினம். நான்கிலும் 3 வாங்கியவர் வந்தால் அந்த ரெஸ்யூமேயின் எழுத்தை வடிவமைப்பு இல்லாமல் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

எடுத்துக்காட்டு கொடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. 3 வாங்கிய ஒரு ரெஸ்யூமேயை முழுதாக அறிவுறுத்தலில் ஒட்டினால், மாடல் அதன் நடையைப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி எழுதியவர்களைத் தூக்கிவிடும். முழு ரெஸ்யூமே வேண்டாம். நிலைகளுக்கு நடுவில் நிற்கும் ஒற்றை வரிகளை மட்டும் கொடுங்கள்: இந்த வரிக்கு 1, ஏனென்றால் உதவியதாக மட்டும் உள்ளது, இந்த வரிக்கு 3, ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் 2பி ஒப்பீடு உள்ளது. எல்லாருக்கும் தெளிவாகத் தெரியும் வரியைக் காட்டுவதில் பயன் இல்லை.

படி 6: இருபது ரெஸ்யூமேயில் சோதியுங்கள்

முழுப் பட்டியலையும் ஓட்டும் முன் இருபது ரெஸ்யூமேயை எடுத்து, அளவுகோல் தெரிந்த இரண்டு பேர் தனித்தனியே திருத்துங்கள். மாடலின் விடையை அதற்கு முன் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் கை தானாக அந்த எண் பக்கம் சாயும். நான்கு அளவுகோல், இருபது பேர், ஆக எண்பது கட்டம். மூவரும் ஒத்துப்போகும் கட்டங்களை எண்ணுங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் டிடிஎஸ்ஸில் கூடியதும் மாதக் கணக்கில் குறைந்ததும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

என் முதல் சுற்றில் எண்பதில் 58 ஒத்துப்போனது. ஒத்துப்போகாத 22-இல் பாதிக்கு மேல் உற்பத்தி அளவுகோலில். ஃபவுண்டரியில் வேலை பார்த்தால் 1 என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். பம்ப் விற்கும் ஏஜென்சியில் வேலை பார்த்தால்? நான் 0 போட்டேன், சக ஊழியர் 1 போட்டார், மாடல் இரண்டும் போட்டது. "வாங்கி விற்கும் நிறுவனம் உற்பத்தி ஆகாது" என்று ஒரு வரி சேர்த்தோம். "உதவினேன்" வரியும் அந்தச் சுற்றில்தான் சேர்ந்தது. வேறு புதிய இருபது ரெஸ்யூமேயில் மறுபடி ஓட்டியபோது 73 வந்தது. அதே இருபதில் ஓட்டியிருந்தால் இன்னும் கூடுதலாக வந்திருக்கும், ஆனால் அந்த எண்ணை நம்பியிருக்க முடியாது. அந்த இருபதைப் பார்த்துத்தானே வரிகளையே திருத்தினோம்.

கூடவே இன்னொரு சோதனை. பத்து ரெஸ்யூமேயை எடுத்து, பொருள் மாறாமல் வேறு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மறைக்காமல் ஓட்டிப் பார்க்கும்போது ஆண் பெயரைப் பெண் பெயராக, ஒரு மதத்துப் பெயரை இன்னொரு மதத்துப் பெயராக மாற்றுங்கள். மறைத்த பிறகு, மிஞ்சியிருக்கும் ஊரை மாற்றுங்கள், வரிகளின் வரிசையை மாற்றுங்கள், ஆங்கிலத்தைச் செப்பனிடுங்கள். மூன்று முறை ஓட்டும்போது வரும் வழக்கமான ஆட்டத்தைத் தாண்டி மதிப்பெண் நகர்ந்தால், மாடல் அளவுகோலில் இல்லாத எதையோ அளக்கிறது. எனக்கு ஆங்கிலத்தைச் செப்பனிட்டபோது மாதக் கணக்கில் மட்டும் நகர்ந்தது. அந்த அளவுகோலில் நான் தெரியாமல் விட்டுவைத்திருந்த "திறம்பட" என்ற ஒரே ஒரு சொல்தான் காரணம். எடுத்ததும் நின்றுவிட்டது.

இத்தனையும் முடிந்த பிறகு அறிவுறுத்தலுக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்துப் பூட்டிவையுங்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் எந்தப் பதிப்பு, எந்த மாடல், எந்தத் தேதி என்பதையும் சேமியுங்கள். ஐம்பது பேரை மதிப்பிட்ட பிறகு ஒரு சொல்லை மாற்றினால், அந்த ஐம்பது பேரையும் மறுபடி ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் ஒரு விடைக்குறிப்பிலும் மீதிப் பேர் இன்னொன்றிலும் திருத்தப்பட்டவர்களாக ஆகிவிடுவார்கள். சேவை தருபவர் மாடலை மாற்றும்போதும் இதே கதைதான். கையால் திருத்திய நாற்பது ரெஸ்யூமேயும் என் கணினியில் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. புது மாடல் வந்தால் முதலில் அந்த நாற்பது பேர்தான் ஓடுவார்கள்.